‘மேற்படி’ எங்கே இருக்கிறது?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் இரண்டு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நான் எழுதும் மெயிலையெல்லாம் எங்கள் மேனேஜர் திருத்தி ‘ஹியரின்’, ‘அஃபோர்மென்ஷன்ட்’, ‘ஹியர்பை’ என்று சேர்த்துவிடுகிறார். அப்படி எழுதினால்தான் கம்பெனிக்கு மரியாதை, நாளைக்குக் கேஸ் என்று வந்தால் அதுதான் நிற்கும் என்கிறார். போன வாரம் டென்மார்க் பையருக்குப் போன மெயிலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்கு நாள் பதிலே இல்லை. ஐந்தாம் நாள், “எந்த ஸ்டைல், எந்தத் தேதி, நான் என்ன செய்ய வேண்டும்?” என்று ஒரே வரி வந்தது. அதற்குள் சாயப்பட்டறையில் பிடித்து வைத்திருந்த இடம் போய்விட்டது. எளிமையாக எழுதினால் சட்டப்படி பலவீனமாகிவிடுமா? மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: மெயிலைப் படித்தேன். அந்த பையர் கேட்ட மூன்று கேள்வியையும் நானும் கேட்டிருப்பேன், அதுவும் நான்கு நாள் காத்திருக்காமல். மெயிலில் மொத்தம் மூன்று வாக்கியம்தான். படிக்கிறவர்களுக்காக அதை அப்படியே இங்கே போடுகிறேன்.

“ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட் ஹியர்வித் தி ரிவைஸ்ட் மெஷர்மென்ட் சார்ட் ஃபார் தி அஃபோர்மென்ஷன்ட் ஸ்டைல். வி ஹியர்பை கன்ஃபர்ம் தட் தி சேம் ஷல் பி டிஸ்பேச்ட் ஆன் ஆர் பிஃபோர் தி செட் டேட், சப்ஜெக்ட் டு தி அப்ரூவல் மென்ஷன்ட் ஹியரின். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.”

இதைத் தமிழில் உள்ளபடி சொன்னால் எப்படி இருக்கும் தெரியுமா? “அந்த ஸ்டைலுக்கான சார்ட் இத்துடன் இருக்கிறது, அது அந்தத் தேதிக்குள் போய்விடும், இதில் சொன்ன அந்த அப்ரூவல் கிடைத்தால், ஆகவே ஆக வேண்டியதைச் செய்யவும்.” பக்கத்து டேபிள்காரர் எழுந்து வந்து உங்களிடம் இப்படிச் சொன்னால், எதைப்பா சொல்ற என்றுதான் கேட்பீர்கள்.

இப்போது அந்த மெயிலுக்குக் கீழே கிடக்கும் பழைய மெயில்களைப் பாருங்கள். பேச்சில் இருப்பது இரண்டு ஸ்டைல், 4417 ரவுண்ட் நெக், 4420 போலோ. தேதியும் இரண்டு, ஜூன் 30, ஜூலை 14. அப்ரூவலும் இரண்டு விதம், ஒன்று அளவு சார்ட்டுக்கு, இன்னொன்று நேவி கலர் லேப் டிப்புக்கு, அதாவது சாயமிட்டுப் பார்க்கும் சின்னத் துணி மாதிரிக்கு. ஆக ‘அந்த ஸ்டைல்’, ‘அந்தத் தேதி’, ‘அந்த அப்ரூவல்’ மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எட்டு விதமாகப் படிக்கலாம். இதற்கு நடுவில் ‘தி சேம்’ வேறு. இலக்கணப்படி பார்த்தால் அது ஸ்டைலையும் குறிக்கலாம், சார்ட்டையும் குறிக்கலாம். சார்ட்டைத்தான் கூரியரில் அனுப்பப் போகிறார்கள் என்று அந்த ஆள் நினைத்திருந்தாலும் தப்பு சொல்ல முடியாது. எட்டில் எது என்று யோசித்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை. அவசரம் என்று தோன்றினால்தானே உடனே கேட்பார்? ‘டூ தி நீட்ஃபுல்’ என்பதில் அவசரமும் இல்லை, வேலையும் இல்லை.

இந்தச் சொற்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் ‘பழைய காலத்து வாசனை’, ‘கனமான ஆங்கிலம்’ என்று நடையைத்தான் குறை சொல்வார்கள். என் குறை அது இல்லை. வாசனை அடித்தால் அடிக்கட்டும். இவை எல்லாம் சுட்டுச் சொற்கள். விரலை நீட்டுமே தவிரப் பெயரைச் சொல்லாது. நாம் ஆறாம் வகுப்பில் படித்த அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு நினைவிருக்கிறதா, இவன், அவன்? ஆங்கிலத்தில் ‘ஹியர்’ என்று தொடங்குவதெல்லாம் அண்மை, ‘தேர்’ என்று தொடங்குவதெல்லாம் சேய்மை. ஹியரின் என்றால் இதில், தேரின் என்றால் அதில், ஹியர்வித் என்றால் இத்துடன், தேர்ஆஃப் என்றால் அதனுடைய. அவ்வளவுதான், உள்ளே வேறு மந்திரம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் சாதாரண ஆங்கிலேயன் தினமும் பேசிய சொற்கள்தான் இவை. 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில் ‘தேர்ஆஃப்’ பக்கத்துக்குப் பக்கம் வரும், ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் கடையில் நின்று இதே மாதிரி கட்டிய சொற்களைப் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் பேச்சிலிருந்து இவை உதிர்ந்துபோயின, வக்கீல்கள் மட்டும் விடவில்லை. பிறகு வந்தவர்கள் இவற்றைச் சட்டச் சொல் என்றே நம்பிவிட்டார்கள்.

வக்கீல்கள் விடாததற்குக் காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மெயிலில் இது ஏன் வேலை செய்யவில்லை என்பதும் புரிந்துவிடும். வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘மேற்படி சொத்து’, ‘மேற்படியார்’ என்று வரிக்கு வரி இருக்கும், இன்னும் பழையதாக இருந்தால் மேற்படி என்று முழுதாகக்கூட எழுதாமல் ௸ என்று ஒரு சுழி போட்டிருப்பார்கள். தமிழில் அதற்கென்றே ஒரு குறி உண்டு, இன்றைய கணினி எழுத்துருவிலும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். முத்திரைத்தாளில் கையால் எழுதும் பத்திர எழுத்தருக்கு, ஒருவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர், கதவு எண் எல்லாவற்றையும் இருபது தடவை எழுத முடியுமா? ஒரு தடவை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுழி போட்டார். ஆனால் கவனியுங்கள், அந்த முதல் தடவை அவர் விட்டுவைக்கவே மாட்டார். கடைசியில் சொத்து விவரம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும், சர்வே எண், பரப்பு, வடக்கே இன்னார் நிலம், தெற்கே வண்டிப் பாதை என்று நான்கு எல்லையும் இருக்கும். மேற்படி என்ற விரல் போய் முட்டுவதற்கு ஒரு கல்லை நட்டு வைத்துவிட்டுத்தான் விரலையே நீட்டுவார்.

ஆங்கில ஒப்பந்தங்களும் அப்படித்தான். முதல் பக்கத்திலேயே இந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம் என்று ஒரு பட்டியல் இருக்கும், ஷரத்துக்கு எண் இருக்கும், இணைப்புக்கு எண் இருக்கும். அவ்வளவு இருந்தும் ‘ஹியரின்’ என்று வந்தால், இந்த ஷரத்திலா, இந்தப் பகுதியிலா, ஒப்பந்தம் முழுவதிலுமா என்று சண்டை வரும். அதனால்தான் ஒப்பந்தம் எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்களே இப்போது அதைத் தவிர்த்துவிட்டு ‘ஷரத்து 7-இல்’ என்று எழுது என்கிறார்கள். நட்ட கல் இருக்கும் இடத்திலேயே இந்தக் கதி. உங்கள் மெயிலில் கல்லே இல்லை.

அதோடு மெயிலுக்கென்று இருக்கும் கோளாறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் முன்னால் எழுதியது மேலே இருக்கும். மெயிலில் நீங்கள் ரிப்ளை போட்டால் உங்கள் பதில் மேலே போய் உட்காரும், பழையது எல்லாம் கீழே இறங்கிவிடும். அப்புறம் ‘மேலே குறிப்பிட்ட’ ஸ்டைல் எங்கே இருக்கிறது? கீழே! அதுவும் போனில் பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் பழைய மெயில் மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கும், தட்டித் திறந்தால்தான் வரும். நீங்கள் ‘அஃபோர்மென்ஷன்ட்’ என்று எழுதும்போது உங்கள் மனதில் இருந்த மெயில் எது என்பது உங்களுக்குத் தெரியும், அது மே 20-ஆம் தேதி மெயில். அவருக்கு அதற்குப் பிறகு உங்கள் கம்பெனியிலிருந்தே இன்னும் ஐந்தாறு மெயில் போயிருக்கும்.

‘ஹியர்வித்’துக்கு இன்னொரு சிக்கல். ஒரு மெயிலுக்கு ரிப்ளை போட்டால் அதில் இருந்த இணைப்பு கூடவே போகாது, ஃபார்வர்ட் செய்தால்தான் போகும். ஆக நீங்கள் ‘இத்துடன் இணைத்துள்ள சார்ட்’ என்று எழுதி அனுப்பியதற்கு அவர் ரிப்ளை போட்டு, தன் குவாலிட்டி ஆளையும் அதில் சேர்த்துவிட்டால், அந்த மூன்றாவது ஆளுக்கு ‘இத்துடன்’ மட்டும் போய்ச் சேரும், சார்ட் போகாது. சார்ட்டின் ஃபைல் பெயரை மெயிலில் எழுதியிருந்தால் அவர் குறைந்தபட்சம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். ‘ஹியர்வித்’ என்ற ஃபைலை எங்கே போய்த் தேடுவார்?

எனக்கும் இது அடிபட்டுத்தான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கம்பெனியில், ஸ்டோருக்கு ஒரு மெயில் எழுதினேன். வாஷ் கேர் லேபிள் மாறிவிட்டது, பையர் புதிய வாசகம் கொடுத்திருக்கிறார். நான் எழுதியது “லேபிள்ஸ் டு பி ப்ரொக்யூர்ட் ஆஸ் பெர் தி அஃபோர்செட் மெயில்.” கீழே இரண்டு மெயில் இருந்தன, பழையது ஒன்று, திருத்தியது ஒன்று. ஸ்டோர்காரர் அடி வரைக்கும் உருட்டிப் போய் முதலில் வந்த மெயிலைப் பிடித்துக்கொண்டார், எட்டாயிரம் லேபிள் பழைய வாசகத்தோடு அச்சாகி வந்து பெட்டியில் உட்கார்ந்திருந்தது. அவரைத் திட்டப் போனேன். அவர் அமைதியாக மெயிலைத் திறந்து காட்டி, “தம்பி, அஃபோர்செட்டுன்னா முன்னாடி சொன்னதுன்னு நீதானே எழுதியிருக்க, இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி சொன்னது” என்றார். எனக்குப் பதில் இல்லை. ‘மார்ச் 3 மெயிலில் உள்ள லேபிள்’ என்று எழுதியிருந்தால் முடிந்துபோயிருக்கும், எழுத்துக்கூடக் குறைவு.

சரி, செய்ய வேண்டியது என்ன? மெயிலை அனுப்பும் முன் இந்தச் சுட்டுச் சொல் ஒவ்வொன்றிலும் நின்று, இதை எடுத்துவிட்டால் ஏதாவது குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். ‘வி ஹியர்பை கன்ஃபர்ம்’ என்பதில் ‘ஹியர்பை’யைத் தூக்கினால் ‘வி கன்ஃபர்ம்’, ஒரு குறையும் இல்லை. ‘என்க்ளோஸ்ட் ஹியர்வித்’ என்பதில் இணைத்தது என்றாலே இத்துடன்தானே, பிறகு எதற்கு ஹியர்வித்? எடுத்தால் குறைகிறது, எதையோ காணோம் என்றால், அந்த இடத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்று அர்த்தம். ‘தி செட் டேட்’ போனால் அங்கே ‘ஜூலை 14’ வர வேண்டும். ‘தி சேம்’ போனால் அங்கே ‘4420-இன் 3,600 பீஸ்’ வர வேண்டும். எளிமையாக எழுதுவது என்றால் கனமான சொல்லை எடுத்துவிட்டு லேசான சொல்லைப் போடுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ‘அஃபோர்மென்ஷன்ட்’டை அடித்துவிட்டு ‘அபவ்’ என்று எழுதுவார்கள். அது அதே விரல்தான், உறை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

இதில் ஒரு பக்கப் பலன் உண்டு. பெயரை எழுதப் போனால்தான் நமக்கே அது தெரியவில்லை என்பது தெரியவரும். உங்கள் மெயிலில் ‘தி அப்ரூவல் மென்ஷன்ட் ஹியரின்’ என்று இருக்கிறதே, அந்த மெயிலில் எங்கேயுமே எந்த அப்ரூவலும் சொல்லப்படவில்லை! நான் மூன்று தடவை தேடினேன். லேப் டிப் அப்ரூவல்தான் உங்களுக்கு வேண்டியது என்பதை நீங்கள் கேள்வியில் சாயப்பட்டறை பற்றி எழுதியதை வைத்துத்தான் நானே ஊகித்தேன். எழுதிய உங்கள் மேனேஜருக்கு அது மெயிலில் இல்லை என்பது உறுத்தவே இல்லை, ஏனென்றால் ‘ஹியரின்’ என்று போட்டதும் சொல்லிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது.

அந்த மெயிலை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன். ஆங்கிலத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், விஷயம் இதுதான். சப்ஜெக்ட் வரியில் “ஸ்டைல் 4420, நேவி லேப் டிப்: ஜூன் 5-க்குள் உங்கள் முடிவு வேண்டும்.” உள்ளே:

“ஸ்டைல் 4420 போலோ, 3,600 பீஸ். நேவி கலருக்கு அனுப்பிய லேப் டிப்களில் ஏ, பி இரண்டில் எதை ஏற்கிறீர்கள் என்று ஜூன் 5 மாலைக்குள் சொல்லுங்கள். அன்றைக்குள் தெரிந்தால் ஜூன் 6 துணி சாயத்துக்குப் போகும், ஜூலை 14 சரக்கு ஃபேக்டரியிலிருந்து புறப்படும். பதில் தாமதமானால் சாயப்பட்டறையில் அடுத்த இடம் கிடைப்பதைப் பொறுத்து ஜூலை 14-ம் தள்ளிப்போகும்.

4420-க்குத் திருத்திய அளவு சார்ட்டை இணைத்திருக்கிறேன். மாற்றம் ஒன்றே ஒன்று, லார்ஜ் சைஸில் தோள் அகலம் 46 செ.மீ. என்று இருந்தது 45 ஆகியிருக்கிறது. இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை, தவறு இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

ஸ்டைல் 4417-இல் மாற்றம் எதுவும் இல்லை. மே 20 மெயிலில் சொன்னபடி ஜூன் 30 புறப்படும்.”

பழைய மெயிலைவிட இது நீளம், ஒத்துக்கொள்கிறேன். எளிமை என்றால் சுருக்கம் என்று யார் சொன்னது? இதைப் படிக்கிறவர் கீழே உருட்ட வேண்டியதில்லை, சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்தாலும் ‘பி’ என்று ஒரு எழுத்தை அடித்து அனுப்பிவிடலாம். அந்த ஒரு எழுத்துக்காகத்தானே நீங்கள் நான்கு நாள் காத்திருந்தீர்கள்? தேதியில் மாதத்தை எழுத்தில் போட்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். 5/6 என்று எழுதினால் டென்மார்க்கில் ஜூன் 5 என்று படிப்பார்கள், நாளைக்கே உங்களுக்கு அமெரிக்க பையர் வந்தால் அவர் மே 6 என்று படிப்பார். ‘கைண்ட்லி கன்ஃபர்ம் தி சேம்’ என்று நான்கு விஷயத்துக்கு அடியில் எழுதினால் வரும் ‘கன்ஃபர்ம்ட்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் செய்ய முடியாது, அதனால்தான் இதில் எதற்குப் பதில் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உங்கள் மேனேஜரின் பெரிய வாதம், கேஸ் என்று வந்தால்.

அவருக்கு ஒரு தீர்ப்பைச் சொல்லுங்கள். 2007 அக்டோபர் 15 அன்று துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் என்ற கம்பெனி, வேதாந்தா அலுமினியத்துக்கு பாக்சைட் விற்பதாக மெயிலில் ஒரு ஆஃபர் அனுப்பியது. இரண்டு பக்கமும் சில மெயில்கள் போய்வந்தன. மறுநாள் ஐந்து ஷிப்மென்ட்டுக்கு டீலை உறுதி செய்கிறோம் என்று வேதாந்தா பக்கத்திலிருந்து மெயில் போனது. முறையான ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பிறகு தகராறு வந்தபோது, ஒப்பந்தமே முடிவாகவில்லை என்று வேதாந்தா வாதம் வைத்தது. உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில், மெயிலிலேயே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது, முறையான பத்திரம் பிறகு தயாராக வேண்டியிருந்தது என்பதால் அது இல்லாமல் போய்விடாது என்று சொல்லி, தகராறைத் தீர்க்க நடுவரை நியமித்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சதாசிவம், ஈரோடு மாவட்டக்காரர், பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியாக ஆனவர். உங்கள் மேனேஜருக்கு இந்தக் கொங்கு நாட்டுத் தகவல் தனியாகப் பிடிக்கக்கூடும்.

அந்தத் தீர்ப்பில் பார்த்தது, எந்தப் பொருள், எவ்வளவு, என்ன விலை, யார் என்ன சொல்லி அதை யார் ஏற்றார்கள் என்பதைத்தான். நம் ஒப்பந்தச் சட்டம், 1872-இல் வந்தது, அதன் 7-ஆம் பிரிவு ஒப்புதல் நிபந்தனை இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறதே தவிர அதில் ‘ஹியர்பை’ இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிப் பார்த்தால் உங்கள் மேனேஜரின் வாக்கியம்தான் பலவீனம். தேதி எது என்று அதில் இல்லையே, நாளைக்கு நீதிமன்றத்தில் அவர் எந்தத் தேதியைக் காட்டுவார்? இங்கிலாந்தில் நீதிமன்றங்களே 1999-இல் சிவில் விதிகளை மாற்றியபோது நூற்றாண்டுக் கணக்காக இருந்த ‘பிளெய்ன்டிஃப்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கிளெய்மன்ட்’ என்று, கேட்கிறவர் என்கிற மாதிரி, சாதாரணச் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். வழக்கு ஒன்றும் நின்றுபோகவில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு மறுபக்கமும் வெட்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சொல்லும் கட்டிப்போடும் என்பதால், போகிற போக்கில் ‘ஓகே, கன்ஃபர்ம்ட்’ என்று அடிக்கும்போது யோசியுங்கள். பையர் விலை கேட்கிறார், நீங்கள் இன்னும் நூல் விலை பார்க்கவில்லை என்றால், “இது உத்தேச விலை. எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் ஏற்பு மெயில் வரும் வரை ஆர்டர் எடுத்ததாக ஆகாது” என்று நேராக எழுதுங்கள். அதுவும் எளிய வாக்கியம்தான்.

சில சொற்களைத் தொடாதீர்கள். ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ என்பது அலங்காரம் இல்லை. ஒரு தகராறைச் சமாதானமாக முடிக்கப் பேசும்போது, நான் இப்போது விட்டுக்கொடுத்துப் பேசுவதை நாளைக்கு எனக்கு எதிராகக் காட்டக் கூடாது என்பதற்காக வக்கீல் போடச் சொல்லும் சொல். அதை நீங்களாக எடுக்கவும் கூடாது, நீங்களாகச் சேர்க்கவும் கூடாது. சிலர் ஃபேஷனுக்காக ஷிப்மென்ட் ரிமைண்டரில்கூடப் போடுகிறார்கள், பையர் பயந்துபோய் தன் வக்கீலைக் கூப்பிடுவார். அதே போல எஃப்ஓபி, எல்சி போன்றவை தொழில் சொற்கள், இவற்றை விரித்து எழுதி எளிமையாக்குகிறேன் என்று இறங்க வேண்டாம், அவருக்கு அதுதான் எளிமை. பையரின் பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள நிபந்தனையைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தால், உங்கள் சொந்த வார்த்தையில் மாற்றாமல் ஷரத்து எண்ணைப் போட்டு அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுங்கள், அதில் பத்து ஹியரின் இருந்தாலும் சரி. சரக்கு ரிஜெக்ட், பணம் வரவில்லை, நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்ற கட்டம் வந்துவிட்டால் அது உங்கள் மெயிலும் இல்லை, மேனேஜர் மெயிலும் இல்லை, வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். ‘சார், இது பழைய இங்கிலீஷ்’ என்று தொடங்காதீர்கள், அவர் முப்பது வருடமாக எழுதிவருவது அது, அவருடைய முதல் முதலாளி அடித்துத் திருத்திக் கற்றுக்கொடுத்ததாகக்கூட இருக்கும். மொழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பையர் அனுப்பிய அந்த ஒரு வரியைப் பிரின்ட் எடுத்து, பக்கத்தில் அவர் திருத்திய மெயிலை வைத்து, “சார், இவர் கேட்ட மூன்றுக்கும் பதில் இந்த மெயிலில் எங்கே இருக்கிறது, பேனாவால் வட்டம் போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். பணிவாகவே கேளுங்கள், நக்கல் தெரியக் கூடாது. வட்டம் போட அவருக்கு ஒன்றும் கிடைக்காது. சாயப்பட்டறை இடம் போன கணக்கு அவருக்குத்தான் உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவர் சொல்லும் மரியாதை முக்கியம்தான், அதை மறுக்காதீர்கள். ஆனால் அது ‘டியர்’ போட்டுப் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவதில் இருக்கிறது, கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் போடுவதில் இருக்கிறது, ‘ப்ளீஸ்’, ‘தேங்க் யூ’ இருக்கிறது. உங்கள் பையருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, அவர் டேனிஷில் யோசித்து ஆங்கிலத்தில் படிக்கிறவர் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் மெயிலின் அடியில், கையெழுத்துக்கும் கீழே, சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருப்பதைப் பார்த்தேன், “தி இன்ஃபர்மேஷன் கன்டெய்ன்ட் ஹியரின்” என்று தொடங்குவது. அதில் கை வைக்காதீர்கள். அது கம்பெனி போட்டது, யாரும் படிப்பதும் இல்லை. மேனேஜருக்கு ஒரு ஹியரினாவது வேண்டும் என்றால் அது அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.